ரிட்டர்ன் வந்த பெட்ஷீட் நான்கு மென்பொருளில் படும் பாடு

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஆன்லைனிலும் கடையிலும் விற்கத் தொடங்கியிருக்கும் என் அக்கா மகன், "ஆர்டருக்கு ஒண்ணு, குடோனுக்கு ஒண்ணு, கவுண்டருக்கு ஒண்ணு, கணக்குக்கு ஒண்ணு, எதுக்குங்க மாமா நாலு?" என்று கேட்டான். ஈரோட்டில் கடையும், சென்னிமலை பெட்ஷீட்களை அடுக்கி வைத்த குடோனும், சொந்த இணையதளமும் நடத்தும் எனக்கு இந்த நான்கையும் ஒரே நிறுவனம்தான் தொகுப்பாக விற்றது. சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

கையில் பன்னிரண்டு பெட்ஷீட் இருக்கிறது, குடோனில் பத்து, கடையில் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். இணையதளத்தில் ஒருவர் இரண்டு கேட்டதும் ஆர்டர் மென்பொருள் அவற்றை அவர் பேருக்கு ஒதுக்கிவிடும். சரக்கு இன்னும் பன்னிரண்டுதான், ஆனால் விற்கக்கூடியது பத்து. அந்த இரண்டும் எந்த ரேக்கில், எந்தத் தட்டில் இருக்கின்றன, யார் எடுத்தார்கள், பேக் ஆகி வெளியே போனதா என்பது குடோன் மென்பொருளின் வேலை. சரக்கின் எண்ணிக்கை உண்மையில் குறைவது அங்கேதான். பி.ஓ.எஸ். எனப்படும் கவுண்டர் பில்லிங் மென்பொருளுக்கு ஒதுக்குவது என்ற பேச்சே இல்லை. வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், பணம் வாங்குவதும் பில் போடுவதும் பொருளைக் கொடுப்பதும் ஒரே நேரத்தில் முடிகின்றன. கணக்கு மென்பொருளுக்கு ரேக்கும் தெரியாது, நிறமும் தெரியாது. மற்ற மூன்றும் அனுப்புவதை அது விற்பனை, ஜி.எஸ்.டி., வரவேண்டிய பணம், சரக்கின் மதிப்பு என்று ரூபாயாக மட்டுமே பதிந்துகொள்ளும்.

இதில் குடோன் பகுதியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். மெரூன் கரையும் பழுப்புக் கரையும் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். பையன் தவறான கட்டை எடுத்துப் பார்கோடை ஸ்கேன் செய்தால் கருவி கீச்சென்று கத்தி, பேக் செய்யவே விடாது. வேறு நிறம் வந்துவிட்டது என்ற புகார் எங்களுக்கு அநேகமாக நின்றேபோனது.

என் ஆத்திரமெல்லாம் ரிட்டர்ன் மீதுதான். மேலே சொன்ன ஆர்டரில் பெட்ஷீட் ஒன்று 1,000 ரூபாய், 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,050, இரண்டுக்கு 2,100. வாங்கியவர் அதில் ஒன்றை நேராகக் கடைக்கே கொண்டுவந்து பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நியாயப்படி அந்த ஆர்டர் எண்ணைக் கவுண்டரில் தட்டியதும் அசல் பில் திறந்து, அதற்கு எதிராக, விற்பனையையும் வரியையும் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் என்ற சீட்டு ஒன்று 1,050-க்கு உருவாகி, துணி 'சரிபார்க்க வேண்டியது' என்ற தனிக் கணக்கில் போய் உட்கார வேண்டும். எங்கள் கவுண்டர் மென்பொருளுக்கோ ஆன்லைன் ஆர்டர் எண் என்றால் என்னவென்றே தெரியாது. ஊழியர் வேறு வழியின்றி 'பில் இல்லாத ரிட்டர்ன்' என்று தனியாக ஒரு கிரெடிட் நோட் போட்டுக் கல்லாவிலிருந்து பணத்தைக் கொடுக்கிறார். அடுத்த நொடியே அந்தத் துணி விற்பனைக்குத் தயாரான சரக்காக ஏறிவிடுகிறது. காபிக் கறை இருந்தாலும் இணையதளம் அதை அடுத்தவருக்குக் காட்டும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆர்டர் மென்பொருளில் இரண்டும் வாடிக்கையாளரிடமே இருப்பதாகக் கிடக்கிறது. மாலையில் அலுவலகத்தில் யாராவது அதைக் கவனித்து அங்கேயும் ரிட்டர்ன் பதிந்தால் இன்னொரு கிரெடிட் நோட் பிறக்கும். வந்தது ஒரு துணி, ஏறியது இரண்டு. விற்பனை 1,000-க்குப் பதில் 2,000 குறையும், ஜி.எஸ்.டி. 50-க்குப் பதில் 100 குறையும். குறைவாகக் கட்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு என்பதை ஆடிட்டர் நினைவூட்டும்போது, இந்த ஐம்பதுகளைப் பில் பில்லாகத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும்.

இந்தப் பிழை நாள் முடிவுக் கல்லா அறிக்கையில் சிக்காது. கல்லாவிலிருந்து 1,050 போனதும் உண்மை, பதிவானதும் உண்மை, ஆகவே அங்கே எல்லாம் சரியாகவே இருக்கும். ரேக்கில் எண்ணினால் கணக்கைவிட ஒன்று குறையும். ஆர்டர் பக்கமோ, கொடுக்கவேண்டிய பணம் 1,050 எப்போதும் பாக்கி நிற்கும். இந்த இரண்டும் ஒரே பொருளில் ஒரே வாரத்தில் தெரிந்தால் இரட்டை ரிட்டர்ன் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைன் ரிட்டர்னுக்கான கிரெடிட் நோட் ஆர்டர் மென்பொருளில் மட்டுமே பிறக்க வேண்டும், கவுண்டரில் துணியை வாங்கிக்கொண்டு ஆர்டர் எண் எழுதிய சீட்டை அதில் குத்தி வைத்தால் போதும், பணம் வந்த வழியிலேயே திரும்பட்டும் என்று நாங்களாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான்கையும் இணைப்பதாகச் சொல்லி விற்ற தொகுப்பில் குண்டூசிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

விற்றவர்களிடம் பலமுறை சொல்லியாயிற்று. 'அடுத்த வெர்ஷனில் வரும்' என்பார்கள். இவ்வளவு திட்டியும் பராமரிப்புச் சந்தாவைப் போன மாதம் புதுப்பித்துவிட்டேன், அந்தக் கீச்சுச் சத்தத்துக்காகவே. ஆனால் அக்கா மகனிடம் இதை வாங்காதே என்றுதான் சொன்னேன். அவனுக்குக் குடோன் என்பது வீட்டு மாடியில் இரண்டு ரேக். ரிட்டர்னோ தினமும் கவுண்டருக்கே வரும். எந்த டெமோவுக்குப் போனாலும், இணையதளத்தில் ஒரு ஆர்டர் போடச் சொல்லி, அதைக் கவுண்டரில் திருப்பிக் கொடுக்கச் செய்து, கணக்கு மென்பொருளில் எத்தனை கிரெடிட் நோட் விழுகிறது என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.