டிசம்பர் ஸ்கூட்டரா, ஜனவரி ஸ்கூட்டரா?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒருவர், மாற்றமேதுமில்லாத ஒரே ரக ஸ்கூட்டரை டிசம்பர் கழிவு விலையில் வாங்குவதா, புதிய உற்பத்தி ஆண்டுடன் ஜனவரியில் வாங்குவதா என யோசிக்கிறார் எனக் கொள்வோம். விலை அட்டையில் 750,000 ரூபாய் வெட்டப்பட்டு 690,000 என எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவர் ஒக்டோபரில் பெற்ற விலைக்கூறல் 720,000 என்பதால், உண்மையான கழிவு 60,000 அன்று, 30,000 மட்டுமே. (வெட்டப்பட்ட விலையில் யாரேனும் வாங்கினார்களா என்பது வேறு கேள்வி.)

ஜனவரி வண்டியின் விலை 725,000 எனில் இடைவெளி 35,000 ஆகும். இலங்கையில் பதிவுச் சான்றிதழில் உற்பத்தி ஆண்டு குறிக்கப்படுவதால், மறுவிற்பனையில் வாங்குபவர் அதையே முதலில் கேட்பார். ஈராண்டுப் பழைய வண்டிகளின் விளம்பரங்களில் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கிடையே 40,000 வித்தியாசம் தெரிந்தால், ஈராண்டில் விற்பவருக்கு டிசம்பர் வண்டி 5,000 நட்டமே. எட்டாண்டு ஓட்டுபவருக்கோ அந்த வித்தியாசம் 10,000 ஆகச் சுருங்கினால், 25,000 மிஞ்சும்.

இவ்விடத்தில் நான் டிசம்பர் வண்டியின் பக்கமே சாய்வேன். ஆயினும் டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்த பின்னரே. 3523 என்றால் டயர் தயாரானது 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நெடுநாள் நின்ற வண்டியாயின், புதிய பற்றரியைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.