எண்ணெய் விலை இறங்கவில்லை, என் பணம் இறங்கியது: ஒரு கச்சா எண்ணெய் ஃபண்டுடன் ஏழு ஆண்டுகள்

மண்டபத்தில் அண்ணனுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. டீசல்தான் அதன் பெரிய செலவு. நான் அப்போது துபாயில் வேலையில் இருந்தேன். கச்சா எண்ணெய் விலை ஏறினால் டீசலும் ஏறும். அதனால் எண்ணெயில் கொஞ்சம் பணம் போட்டு வைத்தால் ஒரு பக்கம் போவது மறுபக்கம் வரும் என்று நினைத்தேன். 2015 பிப்ரவரியில், அமெரிக்கச் சந்தையில் பங்கு போல வாங்கக்கூடிய ஒரு எண்ணெய் ஃபண்டை வாங்கினேன். அப்போது அமெரிக்காவின் அளவுகோலான டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெய் பீப்பாய் ஏறத்தாழ 50 டாலர்.

2016 கடைசியில் எண்ணெய் 53 டாலரை ஒட்டி நின்றது. என் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணவில்லை. அண்ணன் போனில் கேட்டார்: "விலை அப்படியேதானேடா இருக்கு, உன் காசு எங்கடா போச்சு?" அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

ஃபண்ட் எண்ணெய் வாங்கி வைப்பதில்லை. அடுத்து முடிகிற மாதத்து ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தைத்தான், அதாவது அந்த மாதத்தில் எண்ணெய் வாங்க இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தத்தைத்தான், வைத்திருக்கிறது. அது முடிவதற்கு முன்பே விற்று, அதற்கடுத்த மாதத்து ஒப்பந்தத்துக்கு மாறுகிறது. இதுதான் ரோல். அடுத்த மாதம் விலை கூடுதலாக இருந்தால் கான்டாங்கோ, குறைவாக இருந்தால் பேக்வர்டேஷன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்த மாத ஒப்பந்தம் 50 டாலர், அடுத்த மாதத்தது 52. ஃபண்டிடம் 100 பீப்பாய்க்கான ஒப்பந்தம், மதிப்பு 5,000 டாலர். விற்று மாறினால் 96.15 பீப்பாய்தான் கிடைக்கும், ஆனால் மதிப்பு அதே 5,000. பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். ரோல் செய்த நாளில் யாரும் எதையும் இழப்பதில்லை, அதனால் அன்று கணக்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த முப்பது நாளில் அந்த 52 டாலர் ஒப்பந்தம், முடிவு நாள் நெருங்க நெருங்க, சந்தை விலையான 50-ஐ நோக்கிச் சரிகிறது. எண்ணெய் ஒரு காசுகூட இறங்காமலே 5,000 டாலர் 4,808 ஆகிவிடும். இதே நிலை பன்னிரண்டு மாதம் நீடித்தால் மிஞ்சுவது சுமார் 3,120 டாலர். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குள்தான் என்று பார்த்து நிம்மதியாக இருந்தேன். இந்தச் சரிவு எந்தக் கட்டண வரியிலும் வராது.

அடுத்த மாதம் ஏன் விலை கூடுகிறது என்று அண்ணனுக்கு நம்ம ஊர் குண்டு மிளகாயை வைத்துத்தான் சொன்னேன். அறுவடையில் மூட்டை குவியும்போது வியாபாரி வாங்கி கோல்டு ஸ்டோரேஜில் போடுகிறார். பின்னால் விற்கும் விலையில் அந்த வாடகையும் முடங்கிய பணத்துக்கான வட்டியும் ஏறியிருக்க வேண்டும். 2015-ல் எண்ணெய்க்கு நடந்தது இதுதான். உற்பத்தி மிஞ்சி, தொட்டிகள் நிரம்பிக்கொண்டு வந்தன. தொட்டி வைத்திருந்தவர் அந்த வித்தியாசத்தைச் சம்பாதித்தார்; தொட்டி இல்லாத என்னைப் போன்றவர் அதைக் கொடுத்தோம்.

பேக்வர்டேஷனுக்குத் தடைக்காலம் சரியான உதாரணம். மே மாதம் கையில் மீன் இருந்தால் கேட்ட விலை கிடைக்கும். ஜூன் 15-க்குப் பிறகு தருகிறேன் என்றால் அந்த விலைக்கு யார் வாங்குவார்? சரக்கு இன்றே தேவை, அதனால் இன்றைய விலை உயரம். 2021-லும் 2022 முதல் பாதியிலும் எண்ணெய் அப்படித்தான் இருந்தது. 100 டாலர் ஒப்பந்தத்தை விற்று 97-க்கு வாங்கினால் 100 பீப்பாய் 103 ஆகிறது, அப்புறம் அந்த 97 மேலே நகர்கிறது. நான் விற்காமல் வைத்திருந்த பாதி அந்த நாட்களில் எண்ணெய் விலையைவிட வேகமாக ஏறியது. ஆனாலும் பழைய ஓட்டையை அது முழுதாக அடைக்கவில்லை. 2022 பிற்பாதியில் எண்ணெய் சரிந்தபோது பேக்வர்டேஷன் இருந்தும் ஃபண்டும் சரிந்தது. அது விலைச் சரிவுக்குக் காப்பு இல்லை.

நடுவில் 2020 ஏப்ரல் 20. தொட்டியில் இடம் கிடைக்காமல், மே மாத ஒப்பந்தத்தின் அன்றைய வர்த்தகம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதற்கு முன்பே ஜூனுக்கு மாறிவிட்ட ஃபண்டுகள் அந்த ஒரு நாளில் தப்பின. ஆனால் ஜூன் ஒப்பந்தத்துக்கு அவை கொடுத்திருந்த கூடுதல் விலை, பிறகு வந்த சரிவில் போய்விட்டது. ஒரே மாதத்தில் குவிக்காமல் பல மாதங்களுக்குப் பிரித்து வைக்கும் ஃபண்டுகளில் இந்தத் தேய்மானம் பெரும்பாலும் குறைவு, ஏனென்றால் தூரத்து மாதங்களுக்கு நடுவே விலை வித்தியாசம் சிறியது. பதிலுக்கு, அன்றாட எண்ணெய் விலையை அவை அவ்வளவு நெருக்கமாகத் தொடராது.

2022-ல் மீதியையும் விற்றேன். சில வார ஏற்றத்துக்கு இந்த வகை ஃபண்ட் பயன்படலாம். படகு டீசலுக்கு ஆண்டுக்கணக்கில் காப்பாக இது ஆகாது. இப்போது வாங்கத் தோன்றினால் முதல் மாதம், இரண்டாம் மாதம், இரண்டின் விலையையும் பார்ப்பேன். வித்தியாசத்தை முதல் மாத விலையால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்குவேன். கான்டாங்கோவில் அது பத்து சதவீதம் வந்தால், எண்ணெய் ஓர் ஆண்டில் ஏறத்தாழ அந்த அளவு ஏறினால்தான் நான் போட்ட பணமே கையில் நிற்கும். அண்ணனும் டீசல் கணக்கு நோட்டின் ஓரத்தில் மாதா மாதம் அந்த இரண்டு விலையையும் எழுதி வைக்கிறார்.