'புது ஸ்டாக்' என்று சொல்லித் தலையில் கட்டிய பழைய டயரும் பேட்டரியும்: சுங்கை சிப்புட் பக்கம் கவனம்

பழைய சாகா இஸ்வரா மாதிரி 13 அங்குல டயர் போடும் காடி வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மைவி வைத்திருப்பவர்களும் படிக்கலாம், ஆனால் அவர்களுக்கு ஆபத்து குறைவு. காரணம் பிறகு சொல்கிறேன்.

அப்பாவின் இஸ்வராவுக்கு 175/70R13 அளவில் முன்பக்கத்துக்கு இரண்டு டயரும் ஒரு பேட்டரியும் தேவைப்பட்டது. 2025 மார்ச்சில் சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் மாற்றினோம். "புது ஸ்டாக்தானே?" என்று கேட்டேன். "போன வாரம்தான் லாரியில இறங்குச்சு தம்பி" என்றார் முதலாளி. டயர் ஒன்று 140 வெள்ளி, மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் மலிவு. ரப்பர் முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன, மேலே வண்ணக் கோடுகள்கூட அழியவில்லை, பக்கவாட்டில் கறுப்பு பாலிஷ் மின்னியது. இவை எல்லாம் டயர் ஓடவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. எப்போது செய்தது என்பதற்கு இல்லை.

முதல் மழையிலேயே தோட்டத்து வளைவில் பிரேக் பிடித்தபோது முன்பக்கம் வழுக்கியது. பழைய டயர்கூட அந்த இடத்தில் அப்படிச் செய்ததில்லை. அப்புறம் பிரேக் பேட் பார்க்க ஈப்போவில் டயர் கடையில் வேலை செய்யும் மச்சானிடம் காடியைக் கொண்டு போனேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பியதும் அவர் சிரித்தார். உட்பக்கம், ஒரு சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் 3119 என்று இருந்தது. இன்னொன்றில் 4719.

முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3119 என்றால் 2019-ன் 31-வது வாரம், அதாவது ஆகஸ்ட் தொடக்கம். 4719 அதே ஆண்டு நவம்பர். நான் காசு கொடுத்த நாளில் ஒன்றுக்கு ஐந்தரை வயதுக்கு மேல், மற்றதுக்கு ஐந்தே கால் தாண்டிவிட்டது. லாரியில் போன வாரம் இறங்கியது உண்மையாகவே இருக்கலாம். வேறு ஏதோ கடையில் தேங்கிக் கிடந்த சரக்காக வந்திருக்கும்.

இந்த நாலு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும். மறுபக்கம் DOT என்று தொடங்கும் எழுத்துகள் வரும், தேதி வராது. எங்கள் டயர் சாதாரண வகை, எந்தப் பக்கத்தை வெளியே வைத்தாலும் ஓடும். இரண்டிலும் தேதிப் பக்கம் உள்ளே போனது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அதே சமயம், பக்கத்தில் OUTSIDE என்று எழுதியிருக்கும் டயர்களில் தேதி உட்பக்கம் வந்துவிட்டால் கடைக்காரரால் திருப்பிப் போட முடியாது. அதனால் ரிம்மில் ஏற்றிய பிறகு குனிந்து தேடுவதைவிட, டயர் தரையில் கிடக்கும்போதே இரண்டு பக்கமும் பார்த்துவிடுவதுதான் வழி.

திரும்பிப் போய்க் கேட்டேன். "ஓடாத டயர் பழசாகாது தம்பி" என்றார். இது பாதி உண்மை. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடும் ஓசோனோடும் சேர்ந்து மெதுவாக இறுகிக்கொண்டேதான் இருக்கும். வெயிலும் சூடும் அதை வேகப்படுத்தும். ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் பாதுகாப்பு ரசாயனமும் டயர் உருளும்போது மேலே கசிந்து வந்து பூச்சாக நிற்கும். அடுக்கில் அசையாமல் கிடக்கும் டயருக்கு அது அவ்வளவாகக் கிடைக்காது. நிழலான, குளிர்ந்த கிடங்கில் இரண்டு வருடம் இருந்த டயரை நானே வாங்குவேன், அதில் குற்றம் இல்லை. ஆனால் இந்தக் கடையில் டயர்கள் தகரக் கூரைக்குக் கீழே, மதியம் வெயில் விழும் வாசலில், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. மோட்டார் ஓடும்போது வரும் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும். மச்சான் பள்ளத்தை விரலால் விரித்துக் காட்டினார். பாலிஷுக்குக் கீழே, பள்ளத்தின் அடியில் தலைமுடி அளவுக்கு விரிசல்கள் ஓடியிருந்தன.

பல டயர் கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன, செய்த தேதியிலிருந்து பத்து வருடத்தில் கண்டிப்பாக மாற்றச் சொல்கின்றன. ஐந்து வயதில் வாங்கினால் அந்தப் பத்தில் பாதியைக் கடையே ஓட்டிவிட்டது.

ஏன் 13 அங்குலத்துக்கு இந்த வம்பு? எங்கள் ஊர்ப் பக்கம் மைவி அளவு டயர் வேகமாகப் போய்விடும், அடுக்கில் தங்காது. 175/70R13 கேட்டு வருபவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். மச்சான் கடையில் சரக்கு வந்ததும் மஞ்சள் சாக்பீஸில் வாரமும் வருடமும் டயரின் முகத்தில் எழுதி, பழசை முன்னால் இழுத்து, புதுசைப் பின்னால் தள்ளுவார்கள். பழசு முதலில் விற்கும். சோம்பேறிக் கடையில் புதுசைப் பழசுக்கு மேலேயே போடுவார்கள், கை எட்டுவதை எடுத்துப் போடுவார்கள், அடியில் கிடப்பது கிடந்தபடியே இருக்கும். ஒருநாள் அதுதான் 'ஆஃபர்' ஆகும்.

பேட்டரி விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் உள்ளே கெட்டுப்போவதைக் கண்ணால் பார்க்க முடியாது. கடைக்காரர் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கரில் 2025 மார்ச் என்று குறித்திருந்தது. அது விற்ற மாதம். கம்பெனி குத்திய அடையாளம் பெட்டியின் மேல் விளிம்பில் H3 என்று இருந்தது. எழுத்து மாதம், எண் ஆண்டு: 2023 ஆகஸ்ட். எல்லாக் கம்பெனியும் இப்படிப் போடுவதில்லை. சிலர் தேதியை எண்ணிலேயே போடுவார்கள், சிலர் I எழுத்தை விட்டுவிட்டு எண்ணுவார்கள். ஆகவே அந்தக் கம்பெனியின் முறையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அமிலம் ஊற்றிச் சீல் வைத்து வரும் பேட்டரி சும்மா கிடந்தாலும் தானே வடிந்துகொண்டிருக்கும், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் வேகமாக. வடிந்தபடி மாதக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் செய்தாலும் முழுசாகக் கரையாது. நல்ல கடையில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுவார்கள். இங்கே மாட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் சார்ஜரில் வைத்திருக்கிறார்கள். மீட்டரில் 12.8 காட்டினார்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் நான் பார்த்தபோது 12.2. புதுசு, நல்லதென்றால் ஒரு இரவு நின்றும் 12.6-க்குக் கிட்ட இருக்க வேண்டும். கடையிலேயே சோதிக்க விரும்பினால் இரண்டு நிமிடம் ஹெட்லைட்டைப் போட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள், மேலோட்டமான சார்ஜ் இறங்கி உண்மை தெரியும்.

பேட்டரியை மாற்றிக் கொடுத்துவிட்டார், மறுப்பே சொல்லவில்லை. டயரை, "ஓடினதைத் திருப்பி எடுக்க மாட்டேன்" என்றார். பில்லில் டயர் அளவும் விலையும் மட்டும்தான் இருந்தது. தேதி எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள், எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன், கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள், வக்கீல் தேவையில்லை. மச்சான் எடுத்த படங்களைச் சேர்த்திருக்கிறேன்.

அது முடியும்வரை கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். ஆனால் சுங்கை சிப்புட்டில் அண்மையில் 175/70R13 வாங்கியவர்கள் சக்கரத்தின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். 2019-ன் பின்பாதி வாரங்கள் இருந்தால் படம் எடுத்து பில்லோடு எனக்கு அனுப்புங்கள், அதே சரக்கா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.