கை லென்ஸா, ஸ்டாண்ட் லென்ஸா, செல்போனா? முதலில் விளக்கு

விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் பாதிப்பு முற்றியவருக்குப் பார்வையின் நடுவில் திட்டு விழுந்திருக்கும். கண்ணாடியின் பவரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அது விலகாது. மிச்சமுள்ள ஓரப்பார்வைக்கு எழுத்து பெரிதாக வேண்டும், வெளிச்சமும் கூட வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு 81 வயது. படிக்கும் கண்ணாடி போட்டும் 20 புள்ளி அச்சளவுக்குக் குறைந்த எழுத்து தெரிவதில்லை. செய்தித்தாள் எழுத்து சுமார் 8 புள்ளி. இரண்டரை மடங்கு பெரிதாக்கினால் தட்டுத் தடுமாறிப் படிக்கலாம். ஓரளவு சரளமாகப் படிக்க அதைப்போல் இரட்டிப்பு, அதாவது 5 மடங்கு தேவை.

லென்ஸ் வாங்கும் முன் விளக்கைக் கவனியுங்கள், வெளிச்சம் கூடினால் குறைந்த பவரே போதுமாகிவிடலாம். கூரை டியூப்லைட்டை மாற்றுவதைவிட வளையும் கழுத்துள்ள மேசை விளக்கு மேல். தாளிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கும் பல்பை 30க்கு இறக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கம் வையுங்கள். பல்பு நேராகக் கண்ணில் பட்டால் கூசும், அப்புறம் எத்தனை வெளிச்சம் இருந்தும் வீண்தான்.

சரி, லென்ஸ். 5 மடங்கு கை லென்ஸைத் தாளிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில் பிடித்தே ஆக வேண்டும். கை நடுங்கினால் எழுத்து மங்கும். கடையில் விலைச்சீட்டு பார்க்க அது போதும், பத்திரிகைக்கு ஆகாது. விளக்கு வைத்த ஸ்டாண்ட் லென்ஸைத் தாள்மேல் வைத்து நகர்த்தினாலே போதும், தூரம் மாறாது. ஆனால் அதைப் பெரும்பாலும் படிக்கும் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். பலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "லென்ஸ் சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

10 மடங்கு வாங்கினால் இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பவர் ஏற ஏற லென்ஸ் சிறுத்துக்கொண்டே போகும். தமிழ்ச் சொற்களோ நீளம்: 'பேசிக்கொண்டிருந்தார்கள்' என்பதில் 'பேசிக்' மட்டும் தெரிந்தால் வாக்கியம் எப்படி ஓடும்? கண்ணை லென்ஸுக்கு அருகே கொண்டுபோனால் கூடுதல் எழுத்து தெரியும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லை தாண்டியவர்களுக்குச் செல்போன் அல்லது திரையுள்ள மின்னணு உருப்பெருக்கி. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றலாம், மெய்யெழுத்தின் புள்ளிகூடத் தெளிவாகும். போனைக் கையில் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படிப்பது சிரமம், அதற்குத் தாங்கி வேண்டும். ஆனால் மாத்திரை அட்டைக்குப் போன்தான். வெள்ளித்தாள் லென்ஸ் விளக்கில் பளபளத்து, அழுத்திப் பதித்த காலாவதித் தேதியை மறைத்துவிடும். அட்டையைச் சற்றுச் சாய்த்து ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்து, திரையில் விரித்துப் பார்த்தால் தேதி தெரியும்.