ஆள் தேடும் தளங்களில் என் பெயரைத் துடைத்த மூன்று ஆண்டுகள்

2022இல் டாலஸுக்கு வடக்கே வீடு வாங்கினோம். பத்திரம் பதிவான சில வாரங்களிலேயே, ‘வீட்டை விற்கிறீர்களா, ரொக்கமாகத் தருகிறோம்’ என்று கைப்பேசிக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. ஒருவர் என் மனைவியின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார். அன்றிரவு கூகுளில் என் பெயரைத் தேடினேன். ஆள் தேடும் தளம் ஒன்றில் என் விவரங்களோடு ஒரே ஒரு பக்கம்தான் வந்தது. அதை மட்டும் நீக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியதுதான் முதல் தவறு.

நம் பெயர்கள் அமெரிக்கப் படிவங்களில் அடங்குவதில்லை. என் பழைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. அதனால் விசாவில் என் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் `FNU` என்று அச்சாகியிருந்தது. முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே ஏறியது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தபோது அப்பாவின் பெயரைச் சேர்த்தேன். இந்தத் தளங்களை நடத்தும், நம் விவரங்களைத் திரட்டி விற்கும் தரவுத் தரகர்களுக்கு இதெல்லாம் ஒரே ஆள் என்று தெரியாது. ஒரே தளத்தில் எனக்கு நான்கு பதிவுகள் இருந்தன. ஒன்றில் அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். மதுரையைத் தாண்டாத அப்பா டெக்சாஸில் வீடு வைத்திருப்பதுபோல் தோன்றும்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, தொலைபேசி எண்ணையும் முகவரியையும் தேடுங்கள். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில், மேற்கோள் குறிகளோடு இப்படி:

```
"(972) 555-0142"
"972-555-0142"
"வீட்டு எண் தெருப்பெயர்" "ஊர்"
```

முகவரியை ஆங்கிலத்தில், கடிதத்தில் எழுதுவதுபோல் இடவேண்டும். பழைய அடுக்குமாடி முகவரிகளையும் விடக்கூடாது. இப்படித் தேடியபோது பதினொரு தளங்களில் பதிவுகள் கிடைத்தன. ஒவ்வொரு பதிவின் இணைப்பையும் விரிதாளில் ஒட்டி, பக்கத்திலேயே எந்த வடிவில் பெயர் இருக்கிறது, எந்த நாளில் கோரினேன் என்று குறித்துக்கொண்டேன்.

நீக்கும் பக்கம் பெரும்பாலும் தளத்தின் அடியில் சின்ன எழுத்தில், `Do Not Sell or Share My Personal Information` என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அங்கே பதிவின் இணைப்பையும் ஒரு மின்னஞ்சலையும் கேட்பார்கள். இதற்கென்றே தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதுவும் அவர்கள் கையில் சேரும். பிறகு வரும் உறுதிப்படுத்தும் மடலில் உள்ள இணைப்பை அழுத்தினால்தான் கோரிக்கை கணக்கில் வரும். எனக்கு மூன்று மடல்கள் ஸ்பேம் பெட்டியில் கிடந்து காலாவதியாயின. இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு தளம் ஓட்டுநர் உரிமத்தின் படம் கேட்டது. பெயரும் முகவரியும் தவிர மற்ற எல்லாவற்றையும் கறுப்படித்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

பெரும்பாலான பதிவுகள் மூன்று நாளில் மறைந்தன. கூகுளில் மட்டும் தலைப்பும் இரண்டு வரியும் ஒட்டிக்கொண்டிருந்தன. கூகுளின் `Refresh Outdated Content` கருவியில் இணைப்பைக் கொடுத்ததும் அவையும் போயின. `Results about you` என்ற மற்றொரு கருவியும் உண்டு. அது தேடல் முடிவிலிருந்துதான் நீக்கும். தளத்தில் பதிவு அப்படியே இருக்கும். அதை நம்பி முதல் வேலையை விட்டுவிடக்கூடாது.

மனைவியின் பக்கத்தை மறந்திருந்தேன். அவருடைய பதிவில் ‘உறவினர்’ என்ற தலைப்பின்கீழ் என் பெயர், பழைய முகவரி, வயது எல்லாம் இருந்தன. வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே செய்யாவிட்டால் பாதி வேலைதான்.

எட்டு மாதம் கழித்து ஒரு பதிவு திரும்பி வந்தது, பெயர் தலைகீழாக. இந்தத் தளங்கள் பெரும்பாலும் தரவை அழிப்பதில்லை, மறைத்து வைக்கின்றன. வெளியிலிருந்து புதிய தரவுத் தொகுதி வரும்போது பெயரோ முகவரியோ சற்று மாறியிருந்தால், மறைத்த பதிவோடு பொருந்தாமல் புதிய ஆளாக முளைத்துவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே விரிதாளைத் திறந்து தேடுகிறேன். முதல் தடவை இரண்டு வார இறுதிகள் போயின. இப்போது அரை மணி நேரம் போதும்.

ஊற்றுக்கண்ணை மட்டும் அடைக்க முடியவில்லை. டெக்சாஸில் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் வீட்டு உரிமையாளர் பெயர் பொதுவில் இருக்கும். நீதிபதிகள், காவலர்கள் போன்ற சிலர்தான் மறைக்கக் கோரலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த டெக்சாஸ் தனியுரிமைச் சட்டம் நீக்கக் கோரிக்கைக்கு 45 நாளில் பதில் சொல்லச் சொல்கிறது. ஆனால் பொதுப் பதிவேட்டுத் தகவல் அதன் வரம்புக்குள் வராது. கலிபோர்னியாவாசிகளுக்கு, தரவுத் தரகர்களிடம் ஒருசேர நீக்கக் கோரும், அரசே நடத்தும் `DROP` என்ற ஒரே விண்ணப்பம் 2026 ஜனவரியில் திறந்தது. எங்களுக்கு அது இல்லை.

போன மாதம் தேடியபோது ஒரே ஒரு தளத்தில் ஒரு வரி மிச்சம். பழைய அடுக்குமாடியில் எனக்கு முன் குடியிருந்தவரும் `FNU` போலும். அவர் பக்கத்தில் நான் இன்னும் ‘சாத்தியமான உறவினர்’. நீக்கச் சொன்னேன், பதிவுக்குரியவரே கேட்கவேண்டும் என்று பதில் வந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தேடிப் பிடிக்க அந்தத் தளத்துக்குத்தான் பணம் கட்டவேண்டும்.