ரிப்பேருக்குப் போய் வந்த குழந்தையின் போனில் எந்தப் பூட்டு மிஞ்சியது?

“யூடியூப்பில் ஒவ்வாத வீடியோக்களை மறைக்கும் Restricted Mode போட்டுவிட்டேன், பையன் கையில் போனைக் கொடுக்கலாம்தானே?” என்று தோழி ஒருத்தி கேட்டாள். அவள் பையனுக்கு ஆறு வயது. என் மகளின் போன் ரிப்பேரிலிருந்து வந்த சமயம் அது. எது நின்றது, எது அழிந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் சுருக்கமாக “போதாது” என்று மட்டும் சொல்லிவிட்டு, முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

போன் சார்ஜ் ஏறாமல் இருந்தது. சரிசெய்தார்கள், ஆனால் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதுப் போன் மாதிரி திருப்பிக் கொடுத்தார்கள். குழந்தையின் போனைப் பெற்றோர் கண்காணிக்க கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் செயலி வழியாக மகளுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் மறுபடி உள்ளே நுழைந்து என் பாஸ்வேர்டையும் கொடுத்ததும், பிளே ஸ்டோரின் வயது வரம்பு தானாக வந்து நின்றது. குரோம் பிரவுசரில் நான் அனுமதித்திருந்த தளங்களின் பட்டியலும் வந்தது. இவை கணக்கோடு சேர்ந்தவை, போன் மாறினாலும் கூடவே வரும்.

வராதவைதான் என் கோபம். போன் கம்பெனி தன் பங்குக்கு ஒரு பிரவுசரையும் ஒரு ஆப் கடையையும் உள்ளேயே வைத்து அனுப்புகிறது. இரண்டையும் Settings-இல் போய் Disable செய்து வைத்திருந்தேன். ரிப்பேருக்குப் பிறகு இரண்டும் முகப்பில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தன. அந்தப் பிரவுசருக்குக் குரோமில் போட்ட எந்தக் கட்டுப்பாடும் தெரியாது. கெட்ட தளங்களை வடிகட்ட Private DNS என்ற இடத்தில் எழுதி வைத்திருந்த முகவரியும் போயிருந்தது. என் போனில் இருக்கும் பெற்றோர் செயலியில் இது எதுவுமே தெரியவில்லை. அங்கே பார்த்தால் எல்லாம் முன்பிருந்தபடியே இருப்பதாகத்தான் தோன்றும். ஒரு குழந்தையின் போனில் எந்தக் காவல் இருக்கிறது, எது இல்லை என்று ஒரே திரையில் பார்க்க வழி இல்லாதது இத்தனை நாள் உபயோகத்தில் எனக்கு உள்ள முதல் குறை, இன்றுவரை தீராத குறை.

இன்னொரு வகை வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். குழந்தையின் போனில் அப்பா அல்லது அம்மாவின் கணக்கே ஓடும். பிளே ஸ்டோருக்குள் Parental controls-இல் ஒரு பின் நம்பர் போட்டு வயது வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பு எந்தப் போனில் போட்டோமோ அந்தப் போனுக்கு மட்டும்தான். அழித்துவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் குழந்தைக்குத் தனிக் கணக்கு என்பதை நான் முதல் வேலையாகச் சொல்வேன்.

சரி, வயது வரம்புக்கு வருவோம். பிளே ஸ்டோரில் பல நாடுகளில் 3, 7, 12, 16, 18 என்று படிகள் உண்டு, சில நாடுகளில் வேறு பெயர்கள். நான் 7-இல் நிறுத்தியிருக்கிறேன். இந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். செயலியை உருவாக்கியவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்: சண்டை உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் போல ஏதாவது உண்டா என்று. அந்தப் பதில்களை வைத்து எண் வருகிறது. ஆகவே 3 என்றால் மூன்று வயதுக் குழந்தைக்காகச் செய்தது என்று அர்த்தம் இல்லை. அந்த வயதுக்கு ஒவ்வாதது செயலிக்குள் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். செயலியிலிருந்து வெளியே போகும் வழிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த எண் சொல்லாது.

இதைச் சொல்லக் காரணம் ஒரு வண்ணம் தீட்டும் விளையாட்டு. அதன் வயது எண் 3. மகள் கேட்டாள், அனுமதி கேட்டு என் போனுக்குச் செய்தி வந்தது, கொடுத்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அதை முழுக்கத் துழாவிப் பார்த்தேன். செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் Privacy Policy. தட்டினால் விளையாட்டுக்குள்ளேயே ஒரு இணையப் பக்கம் திறந்தது. மேலே முகவரிப் பட்டை இல்லை, ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும். அந்தப் பக்கத்தில் நிறுவனத்தின் சின்னம், அதைத் தட்டினால் முகப்பு, அங்கே ஒரு விளம்பர வீடியோ, வீடியோவின் தலைப்பைத் தட்டினால் வீடியோ தளம், அதன் மேலே தேடல் பெட்டி. குரோம் என்னிடம் அனுமதி கேட்கவே இல்லை. கேட்கவும் முடியாது, ஏனென்றால் இந்தப் பாதையில் குரோமே வரவில்லை. குழந்தை இதையெல்லாம் தேடிப் போவாளா என்றால் தேட மாட்டாள். ஆனால் இந்த வயதில் விரல் எங்கே படுகிறதோ அங்கேதான் போகிறது.

எந்தப் புதுச் செயலியானாலும் கொடுக்கும் முன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸ், உதவி, “மேலும் விளையாட்டுகள்” என்று இருப்பதையெல்லாம் தட்டுங்கள். எங்கேயாவது ஒரு தேடல் பெட்டியை அடைய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தச் செயலி வேண்டாம், அதன் வயது எண் எதுவாக இருந்தாலும்.

அப்புறம் அந்த Private DNS. ஆண்ட்ராய்டு 9 முதல் இது இருக்கிறது. Network & internet பகுதியில் Private DNS என்று தேடி, hostname கேட்கும் இடத்தில் நான் எழுதி வைத்திருப்பது இது:

```
family-filter-dns.cleanbrowsing.org
```

போன் எந்தத் தளத்துக்குப் போக நினைத்தாலும் முதலில் அந்தப் பெயருக்கு உரிய முகவரியை ஒரு இடத்தில் விசாரிக்கிறது. அந்த விசாரணையை வடிகட்டிக் கொடுக்கும் இடத்துக்குத் திருப்பிவிடுகிறோம், அவ்வளவுதான். ஆபாசத் தளத்தின் பெயரைக் கேட்டால் பதில் வராது. கூகுள் தேடலும் யூடியூப்பும் கட்டுப்பாட்டு நிலையில்தான் திறக்கும். வீட்டு வைஃபையோ மொபைல் டேட்டாவோ, குரோமோ விளையாட்டுக்குள் திறக்கும் பக்கமோ, பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்த வண்ணம் தீட்டும் விளையாட்டின் பாதையில் குறுக்கே நின்ற ஒரே காவல் இதுதான். வேலை செய்கிறதா என்று அறிய youtube.com/check_content_restrictions என்ற பக்கத்தை அந்தப் போனின் பிரவுசரில் திறந்தால் போதும். கட்டுப்பாடு நெட்வொர்க்கிலிருந்து வருகிறதா, கணக்கிலிருந்து வருகிறதா என்று தனித்தனியாகக் காட்டும். ரிப்பேருக்குப் பிறகு அழிந்துபோனதை நான் கண்டுகொண்டது இந்தப் பக்கத்தில்தான்.

இதற்கும் எல்லை உண்டு. தளத்தின் பெயர் மட்டும்தான் அதற்குத் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்று தெரியாது. நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும் தளத்தில் ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்க அதனால் ஆகாது. விபிஎன் செயலி இருந்தால் இதைத் தாண்டிவிடலாம். சில பொது வைஃபையில், இணைப்பு இருந்தும் எதுவும் திறக்காமல் “Private DNS server cannot be accessed” என்று வரும். அந்த நெட்வொர்க் இந்த விசாரணையை அனுமதிக்கவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் போனைக் கீழே வைக்கச் சொல்வதே நல்லது. தற்காலிகமாக அணைத்தால் மறுபடி போட யாருக்கும் ஞாபகம் வராது.

இப்போது தோழியின் Restricted Mode. தலைப்பு, விவரக் குறிப்பு, வயதுக் கட்டுப்பாடு போன்ற அடையாளங்களைப் பார்த்து வீடியோக்களை அது மறைக்கிறது. கருத்துகளும் தெரியாது, அது உண்மையிலேயே பெரிய நிம்மதி. ஆனால் இது எல்லா மொழிகளிலும் இருந்தாலும் தரம் மொழிக்கு மொழி மாறலாம் என்று யூடியூப்பின் உதவிப் பக்கமே சொல்கிறது. தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதும் வீடியோக்களை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. அதோடு, ஒரு பிரவுசரில் போட்டது இன்னொரு பிரவுசருக்குப் பொருந்தாது, ஒரு போனில் போட்டது இன்னொன்றுக்கு வராது. உன் கணக்கே ஓடும் போன் என்றால், வாசிக்கத் தெரிந்த குழந்தை செட்டிங்ஸுக்குள் போய் அணைத்துவிடும். பெரிய பிள்ளைகளின் முன்னால் தவறிப்போய் ஏதாவது வந்து நிற்காமல் தடுக்க அது உதவும். ஆறு வயதுக் குழந்தையைத் தனியாக விட அது செய்யப்பட்டதே இல்லை.

நான் எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் யூடியூப் கிட்ஸில் இருக்கும் Approved content only. அதைப் போட்டால் தேடல் மறைந்துவிடும். நான் தேர்ந்தெடுத்த சேனல்களும் வீடியோக்களும் மட்டும் இருக்கும். குழந்தைக்கு அலுத்துவிடும் என்று பயந்தேன். நடந்தது வேறு. பத்துப் பதினைந்து வீடியோவில் ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்த்து, காகிதத்தில் தவளை மடிப்பதைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டாள். அடுத்தது, அடுத்தது என்று தாவும் பழக்கம் தானாகக் குறைந்தது. புதிதாக ஏதாவது வேண்டுமானால் என்னிடம் வந்து கேட்கிறாள், சேர்ந்து பார்த்துச் சேர்க்கிறேன். சேனலை மொத்தமாக அனுமதிப்பதைவிட வீடியோ வீடியோவாகச் சேர்ப்பது நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் என்ன பார்க்கிறாள் என்று எனக்கு முழுக்கத் தெரியும்.

இவ்வளவு பாராட்டிவிட்டும், ரிப்பேருக்குப் பிறகு நான் எடுத்த முடிவு கறாரானது. மகளின் போனில் இப்போது குரோமே இல்லை, ஃபேமிலி லிங்கில் தடுத்துவிட்டேன். அனுமதித்த தளங்களின் பட்டியல் ஒழுங்காகத்தான் வேலை செய்தது, அதன்மேல் குற்றம் இல்லை. இந்த வயதில் அவளுக்குப் பிரவுசர் தேவைப்படவில்லை, தேவைப்படாத ஒன்றை நான் ஏன் காவல் காக்க வேண்டும்? அந்த வண்ணம் தீட்டும் விளையாட்டையும் எடுத்துவிட்டேன். இரண்டு நாள் அழுதாள்.

தோழிக்கு என் பதில்: முதலில் பையனுக்குத் தனிக் கணக்கு போடு. பழைய யூடியூப்பை எடுத்துவிட்டுக் கிட்ஸை அனுமதித்த வீடியோக்களோடு மட்டும் வை. போன் கம்பெனியின் பிரவுசரையும் ஆப் கடையையும் தேடிப் பிடித்து முடக்கு. Private DNS-இல் மேலே உள்ள முகவரியை எழுது. பிறகு நீயே அரை மணி நேரம் அந்தப் போனில் ஒவ்வொரு செயலியாகத் திறந்து தேடல் பெட்டியைத் தேடு. பெரிய அப்டேட் வந்தாலோ ரிப்பேருக்குப் போய் வந்தாலோ, பையனிடம் கொடுக்கும் முன் மறுபடி தேடு.