கூப்பன் தளமா, விமர்சன வலைப்பதிவா: கமிஷன் யாருக்குப் போக வேண்டும்?

சமையல் பாத்திரங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. சராசரி ஆர்டர் 2,000 ரூபாய், அதில் லாபம் 700. தங்கள் லிங்க் வழியாக வாங்குபவரை அனுப்பிக் கமிஷன் வாங்கும் அஃபிலியேட்கள் இரண்டு. ஒன்று, இரும்பு தோசைக்கல்லையும் குக்கரையும் பயன்படுத்திப் பார்த்து எழுதும் வலைப்பதிவு, கமிஷன் 8%. இன்னொன்று கூப்பன் தளம்; கமிஷன் 4%, கூடவே வாங்குபவருக்கு 10% தள்ளுபடி.

மாதக் கடைசி ரிப்போர்ட்டில் கூப்பன் தளத்துக்கு 300 ஆர்டர், வலைப்பதிவுக்கு 60. கமிஷன் விகிதமும் பாதிதான். மேலோட்டமாகப் பார்த்தால் கூப்பன் தளம் ஜெயித்துவிட்டது. ஆனால் அந்த 300 பேரும் அந்தத் தளத்தால்தான் வந்தார்களா என்பதை ரிப்போர்ட் சொல்லாது.

பெரும்பாலான திட்டங்களில் கடைசியாகக் கிளிக் வாங்கியவருக்கே கமிஷன். வலைப்பதிவைப் படித்த ஒருவர் பத்து நாள் யோசித்துவிட்டுக் கடைக்கு வருகிறார், தோசைக்கல்லைக் கார்ட்டில் போடுகிறார். பணம் கட்டும் பக்கத்தில் 'கூப்பன் கோட்' என்று ஒரு காலிப் பெட்டி. உடனே கடையின் பெயரோடு 'கூப்பன்' சேர்த்துக் கூகுளில் தேடுகிறார். வரும் தளத்தில் 'கூப்பன் கோட் காட்டு' என்று அழுத்தியதும் பக்கத்திலேயே கடை இன்னொரு டேபில் திறக்கிறது. அது அஃபிலியேட் லிங்க். யார் அனுப்பியவர் என்று பிரவுசரில் குறித்துவைக்கும் பழைய குக்கீ போய்ப் புதியது உட்காருகிறது. கோட் வேலை செய்யாவிட்டாலும் கமிஷன் கூப்பன் தளத்துக்குத்தான். (அந்தப் பெட்டியை ஒரு சின்ன லிங்க்குக்குள் ஒளித்துவைத்தாலே பாதித் தேடல் குறையும் என்பது என் கருத்து.)

ஆகவே கிளிக்குக்குப் பிறகு எத்தனை நாள் வரை கமிஷன் உண்டு என்ற குக்கீ காலம் இருவருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வாங்குவதற்கு மூன்று நிமிடம் முன்னால் கிளிக் வாங்குபவருக்கு 30 நாள் கொடுத்தாலும் ஒன்றுதான், 1 நாள் கொடுத்தாலும் ஒன்றுதான். நாள் கணக்கு தேவைப்படுவது முதலில் பேசியவருக்கு. அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் அது 24 மணி நேரம்தான். அதற்குள் கார்ட்டில் போட்டால் மட்டும் 90 நாள் வரை நீளும். பிறகு சஃபாரி: ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீயை அது அதிகபட்சம் 7 நாளில் அழித்துவிடும். ஒப்பந்தத்தில் 30 நாள் என்று இருந்தாலும், ஐபோனில் படித்துவிட்டுப் பத்தாம் நாள் வாங்குபவர் வலைப்பதிவின் கணக்கில் வராமலே போகலாம்.

இப்போது செலவு. வலைப்பதிவு ஆர்டரில் 160 ரூபாய் போக 540 மிஞ்சும். கூப்பன் ஆர்டரில் தள்ளுபடி 200, மீதி 1,800க்குக் கமிஷன் 72, மிஞ்சுவது 428. கூப்பன் தளத்தின் 300 பேரில் 45 பேர்தான் அது இல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று வைத்தால், அவர்களால் வரவு 19,260. மீதி 255 பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள். அவர்களுக்குச் சும்மா கொடுத்தது தலைக்கு 272, மொத்தம் 69,360. ஆக மாதம் 50,100 நஷ்டம். வலைப்பதிவின் 60 பேரில் 42 பேர் அதனால் வந்தவர்கள் என்று கொண்டால் வரவு 22,680. மற்ற 18 பேருக்குக் கொடுத்த 2,880ஐக் கழித்தால் 19,800 லாபம்.

எல்லாம் அந்த 45 என்ற எண்ணில் தொங்குகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பண்டிகை இல்லாத இரண்டு வாரம் கூப்பன் தளத்தை நிறுத்திப் பார்க்கலாம். வழக்கமாக 150 ஆர்டர் காட்டும் இடத்தில் கடையின் மொத்த ஆர்டர் இருபதுதான் குறைந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் சின்னக் கடையில் இருபது ஆர்டர் சும்மாவே ஏறி இறங்கும். அதனால் இன்னும் இரண்டைப் பாருங்கள். கிளிக்குக்கும் ஆர்டருக்கும் நடுவே எவ்வளவு நேரம், கிளிக் வந்தபோது கார்ட்டில் ஏற்கெனவே பொருள் இருந்ததா என்பது ஒன்று. புது வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பது இன்னொன்று.

சந்தேகமான கூப்பன் தளத்தை நேரிலேயே பிடிக்கலாம். 'இன்று சரிபார்க்கப்பட்டது' என்று போட்டிருக்கும் கோட் வேலை செய்கிறதா என்று நீங்களே அடித்துப் பாருங்கள். ஒரு யூடியூபருக்கென்று கொடுத்த கோட் அங்கே கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிளிக் ஆயிரக்கணக்கில் குவிந்து ஆர்டர் மிகச் சொற்பமாக இருந்தால் அது வேறு நோய்: பார்வையாளருக்கே தெரியாமல் குக்கீ திணிப்பது. ஈபேயின் அஃபிலியேட் திட்டத்தில் இதைச் செய்த ஷான் ஹோகனுக்கு 2014ல் அமெரிக்காவில் சிறைத்தண்டனையே கிடைத்தது.

அதற்காகக் கூப்பன் தளங்களை அடியோடு வெட்டச் சொல்லவில்லை. தேங்கிய சரக்கைத் தள்ள அவை உதவும். நான் செய்வது இது: வலைப்பதிவுக்கு 30 நாள், சஃபாரியைச் சமாளிக்க, பிரவுசர் குக்கீயை மட்டும் நம்பாமல் கடையின் சர்வர் வழியாக வைக்கும் கணக்கு. கூப்பன் தளத்துக்கு 1 நாள், புது வாடிக்கையாளருக்கு 4%, பழையவருக்கு 1%. கார்ட்டில் பொருள் இருக்கும்போது வந்த கிளிக்குக்கு ஒன்றுமில்லை. இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாத தளம் போகட்டும்.